"ஆவன செய்யுங்கள்" என்றால் என்ன செய்ய வேண்டும்?



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டுக் கொம்பனிக்கோ, வங்கிக்கோ ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டிய தேவை உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாலும் வாசியுங்கள். ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். உம்மா, வாப்பாமாரும் வாசித்து விளங்க வேண்டும் என்பதுதான் காரணம்.

நமது ஊரில் யார் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாலும், யாரைப் பிடித்து எழுதுவித்தாலும், கடைசி வரியில் அநேகமாக ஒரு வசனம் வந்து நிற்கும்: 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. கொமினிகேஷன் கடையில் டைப் செய்து கொடுப்பவரும் இதைப் போடுவார், கம்பஸ் முடித்த பிள்ளையும் போடும். இதைப் போடாவிட்டால் கடிதம் முடிந்த மாதிரியே இல்லை என்ற எண்ணம் பலருக்கு.

இது பிழையான ஆங்கிலம் என்று சிலர் சிரிக்கிறார்கள். அது சரியில்லை. இது வெள்ளைக்காரர்களே ஒரு காலத்தில் தாராளமாகப் பாவித்த வசனம். அவர்களுடைய வியாபாரக் கடிதங்களிலும் அரசாங்கக் கடிதங்களிலும் இருந்துதான் இந்தப் பக்கம் வந்தது. இங்கே 1956 வரை நிர்வாக மொழி ஆங்கிலம். கந்தோர் கிளாக்கர்மார் மேலதிகாரிக்கு எழுதும்போது, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று கையொப்பம் வைத்த காலம் அது. பிறகு இங்கிலாந்திலேயே அந்த நடையைக் கைவிட்டார்கள். 1948இல் பிரித்தானிய திறைசேரி, தனது உத்தியோகத்தர்கள் விளங்கும்படி எழுதப் பழக வேண்டும் என்பதற்காக, சேர் ஏர்னஸ்ட் கவர்ஸ் என்ற ஓய்வுபெற்ற அதிகாரியைக் கொண்டு 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதுவித்தது. கொடுத்தவர்கள் விட்டுவிட்டார்கள், வாங்கிய நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நாங்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே வசனம் நமது தமிழ்க் கடிதத்திலும் இருக்கிறது: 'ஆவன செய்யுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கின்றேன்'. ஆவன என்றால் ஆக வேண்டியவை. நீட்ஃபுல் என்றாலும் அதுதான். 'மேற்படி விடயம் தொடர்பாக' என்பதும், 'முற்கூட்டிய நன்றிகள்' என்பதும் அப்படியே இரண்டு மொழியிலும் ஓடுகின்றன. ஆகவே பிள்ளை ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்காரும்போது, தமிழ்க் கடிதத்தின் அச்சு ஏற்கனவே மனதில் தயாராக இருக்கிறது. எழுதுகிற நேரம் யோசிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு உண்மைச் சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான், பெயர் விபரங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

நம்மூர்ச் சகோதரர் ஒருவர் கத்தாரில் ஒரு கொம்பனியில் ஸ்டோர் கீப்பராக 6 வருடம் வேலை செய்தார். 2024 மார்ச் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டார். கடைசி மாதச் சம்பளமும் டிக்கெட்டும் கொடுத்தார்கள். சேவை முடிவுப் பணம் மட்டும் வரவில்லை. 'பிறகு போடுவோம்' என்று சொன்னதை நம்பி வந்துவிட்டார். செப்டெம்பர் மாதம் என்னிடம் வரும்போது மூன்று மெயில் அனுப்பியிருந்தார். மூன்றுக்கும் வந்த பதில் ஒரே சொல்: 'நோட்டட்'. கவனித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

அந்த மெயிலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'மதிப்புக்குரிய ஐயா, உரிய மரியாதையுடனும் பணிவுடனும் மன்றாடித் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நான் தங்களின் மேன்மை பொருந்திய கொம்பனியில் முன்னர் கடமையாற்றியவன். மேற்படி விடயம் தொடர்பான எனது கொடுப்பனவு இதுவரை நிலுவையில் உள்ளது. தயவுசெய்து இவ்விடயத்தைக் கவனத்திற் கொண்டு, தங்களுக்கு வசதியான மிக விரைவான நேரத்தில் ஆவன செய்து, அதனை அறியத் தரவும். முற்கூட்டிய நன்றிகள்.' தலைப்பில் இருந்தது 'ரிக்வெஸ்ட்' என்ற ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

"சேர், இதுக்கு மேல எப்புடி மரியாதையா கேக்குற?" என்றார் அவர்.

மரியாதையில் குறை இல்லை காக்கா. ஆனால் இதை வாசிக்கிற ஆளை யோசித்துப் பாருங்கள். அங்கே மனிதவளப் பிரிவில் இருப்பவர் ஒரு மலையாளியாக இருக்கலாம், எகிப்துக்காரராக இருக்கலாம், பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம். அவருக்கு 'டூ த நீட்ஃபுல்' விளங்காது என்று சிலர் நினைக்கிறார்கள். மலையாளிக்கு நன்றாகவே விளங்கும், அவரும் அதைத்தான் எழுதுவார். விளங்கினாலும் அவர் என்ன செய்வது? எழுதியவர் யார், ஊழியர் இலக்கம் என்ன, எந்தக் கொடுப்பனவு, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு அனுப்புவது, எதுவுமே மெயிலில் இல்லை. அவற்றைத் தேடி எடுக்கும் வேலை முழுவதையும் 'ஆவன' என்ற ஒரு சொல்லுக்குள் கட்டி அவருடைய தலையில் வைத்திருக்கிறோம். நூறு மெயிலுக்கு நடுவில் அதை எடுத்துச் செய்வதைவிட 'நோட்டட்' என்று போடுவது அவருக்கு லேசு.

இதற்கிடையில் காலமும் போய்க்கொண்டிருந்தது. கத்தார் தொழிற் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடத்துக்குள் உரிமைகோரலைத் தொடர வேண்டும். மார்ச்சில் வந்தவருக்கு செப்டெம்பரோடு பாதி வருடம் முடிந்துவிட்டது. 'தங்களுக்கு வசதியான நேரத்தில்' என்று எழுதினால் அவர்கள் வசதியான நேரத்தைத்தான் எடுப்பார்கள். நமக்குத்தான் நேரம் இல்லை.

பலர் செய்யும் வேலை, 'டூ த நீட்ஃபுல்' என்பதை எடுத்துவிட்டு 'ப்ளீஸ் டேக் நெசசரி அக்‌ஷன்' என்று போடுவது. அது புதிய பையில் பழைய அரிசி. அந்த இடத்தில் வர வேண்டியது ஒரு செயல்: செலுத்துங்கள், அனுப்புங்கள், திருத்துங்கள், கையொப்பமிடுங்கள். அது என்ன செயல் என்று ஆங்கிலத்தில் தேட வேண்டாம். முதலில் தமிழில் முடிவெடுங்கள்.

அவரிடமும் அப்படித்தான் கேட்டேன். "காக்கா, இந்த மெயில் வாசிக்கிற ஆள் கதிரையில இருந்து எழும்பாம இப்பவே ஒரு வேலை செய்யணும் எண்டா, அது என்ன வேலை?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ட கணக்குக்கு காசு போடணும்" என்றார். எவ்வளவு? தெரியாது. அதைக் கணக்குப் பார்த்தோம். கத்தாரில் ஒரு வருடச் சேவைக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் சேவை முடிவுப் பணமாகக் கொடுக்க வேண்டும். இவருடைய கடைசி அடிப்படைச் சம்பளம் 1,500 ரியால். அதை 30 நாளால் பிரித்தால் ஒரு நாளைக்கு 50. மூன்று வாரம் 21 நாள், ஆக வருடத்துக்கு 1,050. ஆறு வருடத்துக்கு 6,300 ரியால். ஐந்து நிமிட வேலை. மூன்று மெயிலிலும் இந்த இலக்கம் இல்லை.

பிறகு எழுதிய மெயில் இதுதான். தலைப்பில் 'எண்ட் ஒஃப் சேர்விஸ் பேமென்ட்' என்று போட்டு, பக்கத்தில் அவருடைய ஊழியர் இலக்கம். மெயிலைத் திறக்க முன்னமே ஆள் யார், விடயம் என்ன என்று தெரியும்.

முதல் வரி: 'ஐ வேர்க்ட் ஃபோர் யூ அஸ் எ ஸ்டோர் கீப்பர் ஃப்ரொம் ஏப்ரல் 2018 டு மார்ச் 2024.' இரண்டாவது: 'ஐ ஹேவ் நொட் ரிசீவ்ட் மை எண்ட் ஒஃப் சேர்விஸ் பேமென்ட்.' மூன்றாவது வரியில் 6,300 ரியால், அது வந்த கணக்கு. நான்காவது வரிதான் கடிதத்தின் உயிர்: 'ப்ளீஸ் பே திஸ் டு த அக்கவுண்ட் பிலோ பை 30 செப்டெம்பர்.' கீழேயுள்ள கணக்குக்கு 30ஆம் திகதிக்கு முன் செலுத்துங்கள். அடுத்து: 'இஃப் யூ நீட் எனி டொக்கியுமென்ட், ப்ளீஸ் டெல் மீ விச் வன்.' ஏதும் ஆவணம் தேவையென்றால் எது என்று சொல்லுங்கள். ஒப்பந்தப் பிரதியையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் இணைத்து, இணைத்திருக்கிறேன் என்று ஒரு வரி. முடிவில் 'ரிகார்ட்ஸ்', பெயர், போன் நம்பர்.

இதில் ஒரு ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் அநேகமாக ஒன்றும் இல்லை.

திகதி போடும்போது இரண்டு விடயம். அவர்களுக்குச் செய்து முடிக்க நியாயமான அவகாசம் கொடுங்கள், நாங்கள் கொடுத்தது இரண்டு வாரம். அங்கே வெள்ளியும் சனியும் லீவு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி விபரத்திலும் கவனம். வெளிநாட்டுக் கொம்பனிகள் ஐபான் இலக்கம் கேட்பார்கள். இலங்கை வங்கிகளில் ஐபான் முறை கிடையாது. கணக்கு இலக்கம், வங்கியின் பெயர், கிளை, ஸ்விஃப்ட் குறியீடு, இவை நான்கையும் கொடுத்து, இலங்கையில் ஐபான் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைக் கேட்டு மெயில் வந்து போவதிலேயே இரண்டு கிழமை போகும்.

நான்காம் நாள் பதில் வந்தது. இந்த முறை மனிதவளப் பிரிவிலிருந்து அல்ல, கணக்குப் பிரிவிலிருந்து. பாஸ்போர்ட் பிரதி கேட்டிருந்தார்கள். அனுப்பினோம். அக்டோபர் நடுப்பகுதியில் 5,700 ரியால் வந்தது. 600 குறைவு, காரணம் சொல்லவில்லை. உடனே ஒரே வரியில் இன்னொரு மெயில்: 600 ரியால் எதற்காகக் கழித்தீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு இன்னும் பதில் இல்லை. எளிய ஆங்கிலம் யாரையும் காசு கொடுக்க வைக்காது, கொடுக்க மனமில்லாதவன் எந்த மொழியிலும் கொடுக்க மாட்டான். ஆனால் இப்போது பிரச்சினை 600 ரியால் என்று தெரியும். நாளைக்கு முறைப்பாடு செய்தாலும், திகதியும் தொகையும் போட்டுக் கேட்ட மெயில் கையில் இருக்கிறது. 'ஆவன செய்யுங்கள்' என்ற மெயிலைக் காட்டி எதைக் கேட்டோம் என்று நிரூபிப்பது?

சரி, மரியாதை? இதைப் பலரும் கேட்கிறார்கள். இப்படி வெட்டொன்று துண்டிரண்டாக எழுதினால் அதபு இல்லாத மாதிரித் தெரியாதா என்று.

தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. 'தா', 'தாங்க', 'தாருங்கள்', 'தந்துதவுங்கள்' என்று ஏறிக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் நீ, நீங்கள், தாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 'யூ'தான். அந்த வெறும் 'யூ' நமக்கு உறுத்துகிறது. அதை ஈடுகட்டத்தான் 'ஹம்ப்ளி', 'ரெஸ்பெக்டட்', 'எஸ்டீம்ட்', 'கைண்ட்லி' என்று சொற்களை அடுக்குகிறோம். ஆங்கிலம் பேசுகிறவருக்கு அந்த உறுத்தல் இல்லை. அவருக்கு வசனத்தில் ஒரு 'ப்ளீஸ்' இருந்தால் மரியாதை வந்துவிட்டது. ஐந்து வரிக் கடிதத்தில் நான்கு 'கைண்ட்லி' வந்தால் கெஞ்சுவது போலவோ, பகிடி பண்ணுவது போலவோ கேட்கும். மோசடி மெயில்களில் இந்த 'கைண்ட்லி' அடிக்கடி வருவதால், சிலர் அதைக் கண்டதுமே சந்தேகிக்கிறார்கள்.

'டியர்' என்ற சொல்லுக்கு நமது பெண் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அந்நிய ஆணுக்கு எப்படி 'டியர்' போடுவது என்று 'ரெஸ்பெக்டட் சேர்' போடுகிறார்கள். கடிதத்தில் அது வெறும் ஆரம்பச் சொல், அன்பு பாசம் ஒன்றும் அதில் இல்லை. பெயர் தெரிந்தால் 'டியர் மிஸ்டர்' அல்லது 'டியர் மிஸ்' போட்டுக் குடும்பப் பெயரைப் போடுங்கள், பெயர் தெரியாவிட்டால் 'டியர் சேர் ஓர் மேடம்' போதும்.

'கைண்ட்லி ரிவர்ட்' என்பதையும் விட்டுவிடுங்கள். பதில் அனுப்புங்கள் என்ற கருத்தில் நாங்கள் எழுதுகிறோம். பொதுவான ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது. ஆங்கிலம் பேசும் முஸ்லிம்கள் மத்தியில் இஸ்லாத்தைத் தழுவியவரைத்தான் ரிவர்ட் என்பார்கள். கொம்பனி மேனேஜருக்கு அதை எழுதினால், காசு கேட்கிறோமா தஃவா செய்கிறோமா என்று அவர் யோசிக்கக் கூடும். 'ப்ளீஸ் ரிப்ளை பை' என்று எழுதித் திகதியைப் போடுங்கள்.

இன்னொரு வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். கேட்பது உதவியா, உரிமையா? ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பது உதவி. தருவதும் தராததும் அவர் விருப்பம். அதற்கு 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்று கொஞ்சம் பணிந்து கேட்பது அழகு. உழைத்த காசு உரிமை. வியர்வை உலர முன் கொடுக்க வேண்டிய கூலியை, 6 வருடம் வெயிலில் நின்றவர் மன்றாடிக் கேட்கத் தேவையில்லை. ஒரு 'ப்ளீஸ்', ஒரு தொகை, ஒரு திகதி போதும்.

எல்லாப் பழைய வசனத்தையும் தூக்கி வீசவும் சொல்லவில்லை. அரச உத்தியோகத்தர்கள் எழுதும் 'த்ரூ த பிரின்சிபல்', அதாவது 'அதிபர் ஊடாக' என்பது அலங்காரம் இல்லை, கடிதம் போக வேண்டிய பாதை. அதை விட்டால் வலயத்திலிருந்து கடிதம் திரும்பி வரும். 'எனது இல.', 'உமது இல.' என்பவையும் அப்படித்தான், அந்த இலக்கம் இருந்தால்தான் கோப்பைத் தேடி எடுப்பார்கள். சத்தியக் கடதாசி, அற்றோணித் தத்துவம் போன்றவற்றின் வசனங்களில் கை வைக்க வேண்டாம், அதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். ஒரு சொல்லை எடுத்தால் வேலை நின்றுவிடுமா என்று பாருங்கள். நிற்குமென்றால் அது இருக்க வேண்டிய சொல். 'ஹியர்வித்', 'பெருசல்', 'த சேம்' எல்லாவற்றையும் எடுத்தாலும் ஒன்றும் நிற்காது.

அனுப்ப முன் ஒரு சின்னச் சோதனை. விடயம் தெரியாத ஒருவரிடம், தங்கச்சியிடமோ தம்பியிடமோ, மெயிலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பின் போனை வாங்கிவிட்டுக் கேளுங்கள்: "இந்த ஆள் என்ன கேக்குறார்? எப்ப வேணுமாம்?" ஒரே வசனத்தில் சொன்னால் அனுப்பலாம். "என்னமோ செட்டில்மென்ட்டாம்" என்று இழுத்தால் திரும்ப எழுதுங்கள்.

இது ஆங்கிலத்துக்கு மட்டுமுள்ள விடயமும் இல்லை. நமது சங்கங்களிலிருந்து பிரதேச சபைக்குப் போகும் தமிழ்க் கடிதங்களையும் பாருங்கள். 'எமது வீதியின் மின்விளக்கு தொடர்பில் ஆவன செய்யுமாறு' என்று எழுதி, பதினைந்து பேர் கையொப்பம் வைத்து அனுப்புகிறோம். எந்த வீதி, எந்தக் கம்பம் என்று அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை கம்பத்துக்குக் கிட்டப் போய் அதிலுள்ள இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். இந்த இலக்கக் கம்பத்தின் பல்பு எரிவதில்லை, இந்தத் திகதிக்கு முன் மாற்றித் தாருங்கள் என்று இரண்டே வரி.